புதன்கிழமைக்கு ஒத்திவைத்த வாழ்த்து

ஒரு முறை அண்ணை, லண்டனில் டூட்டிங் பகுதியில், ஒரு வயோதிப மாமிக்கு மொழிபெயர்க்க டொக்டரிடம் போயிருந்தார். மாமி டொக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னா: "போனமுறை உந்த மனுசன் தந்த குளிசையை நான் விழுங்கேல்லைத் தம்பி, குப்பைக்குள்ள போட்டுட்டன். அதை மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதை."

அண்ணை ஒரு மூச்சு விட்டார். பிறகு ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னார், கடைசி வசனத்தையும் சேர்த்து.

மாமி அதற்குப் பிறகு அவரோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. அவருக்கு அதில் கவலை இருந்தது, செய்தது பிழையென்ற எண்ணம் இருக்கவில்லை. "வாயைத் திறந்து சொன்னா அது என்ர பொறுப்பு பிள்ளை. நான் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. சொல்லாமல் விடவேணுமெண்டா அவ எனக்கும் சொல்லியிருக்கக்கூடாது" என்று என்னிடம் சொன்னார்.

நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்தவர். அதற்கு முன் பலெர்மோவில் ஆறு வருடம், படுக்கையை விட்டு எழும்ப முடியாத ஒரு இத்தாலியக் கிழவியைப் பராமரித்திருக்கிறார். கிழவிக்கு வேறு வேலையில்லை, காலையிலிருந்து மாலை வரை கதைத்திருக்கிறா. அப்படி வந்த இத்தாலியன் பாஷை என்பதால் அது ஒரு தினுசான இத்தாலியன். முப்பத்தெட்டு வயதுக்காரர், எண்பது வயதுக் கிழவியைப் போலக் கதைப்பார் என்று பிற்பாடு இத்தாலியர்களே சொன்னார்கள்.

டூட்டிங்கில் எங்கள் ஆட்களின் கடையொன்றில் மரக்கறிப் பகுதி அவருடையது. இடைவேளையில் வாழைக்காய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்தபடி, இத்தாலியில் பிறந்த எங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுப்பார். மெலிந்த மனிதர். மண்ணிறக் கோர்ட்ரோய் கோட் ஒன்று, வெயிலிலும் கழற்றாதது. பகிடி விடுவார், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பும் வராது. எங்கள் வீடு இருந்த சட்டனில் நான் நாலாம் தரமும் டிரைவிங் டெஸ்டில் தோற்றுப்போன கிழமை, கத்தரிக்காய் நிறுத்துத் தந்துகொண்டே, "பரவாயில்லைப் பிள்ளை, சட்டன்காரர் இன்னும் கொஞ்சக் காலம் பயமில்லாமல் றோட்டுக் கடக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒரு கத்தரிக்காய் கூடுதலாக இருந்தது. அந்த மனிதர் தன்னோடு கோபிக்கவும் விடமாட்டார்.

இவர் எங்கள் குடும்ப விசயத்துக்குள் வந்தது என் தங்கச்சியால்.

தங்கச்சி பாவ்லோ என்ற பையனை விரும்பினாள். லண்டனில் பிறந்தவன், அப்பா இல்லை. தாய் தெற்கு இத்தாலியில் கலாப்ரியாப் பக்கத்துக்காரி, சட்டனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, திரைச்சீலை தைத்துப் பிழைத்தவ. முப்பது வருடம் இங்கே இருந்தும் அவவின் ஆங்கிலம் கடைக்குப் போய் வருமளவுக்குத்தான். தங்கச்சியைப் பற்றி அந்த அம்மா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்று ஒரு சொல். அந்தப் 'பாப்பம்' ஒரு வருடமாக எங்கள் வீட்டுக் கதிரையில் கால் நீட்டி இருந்தது. தங்கச்சி ஏழு கிலோ மெலிந்துபோனாள்.

அந்த நேரத்தில் அவவுக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. ஊரிலிருந்து தமக்கை, மருமக்கள் என்று பதினாலு பேர் வருகிறார்கள் என்று பாவ்லோ சொன்னான். என் அப்பா, முப்பது வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவர், உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "விருந்து எங்கட செலவு. மண்டபம் நாங்கள் எடுப்பம். வாழ்த்துரை நான்."

அப்பாவுக்கு நல்ல ஆங்கிலம். ஆனால் வாழ்த்து தாய்மொழியில்தான் என்று நின்றார். பாவ்லோவுக்குத் தமிழ் தெரியாது. தமிழும் இத்தாலியனும் ஒரே வாயில் வைத்திருந்த ஆள் எங்களுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோர்ட்ரோய் கோட்டோடு வந்து எங்கள் முன்னறையில் இருந்தார்.

அப்பா ஐந்து பக்கம் எழுதி வைத்திருந்தார். தாய்மையின் சிகரம், விருந்தோம்பலின் விளக்கு என்று போயிற்று. அண்ணை அவ்வளவையும் வாசித்து முடித்து, பாவ்லோவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கட வீட்டில பிறந்தநாளுக்கு எழும்பி நிண்டு என்ன சொல்லுறவை?"

"பகிடிதான். அம்மாவை நல்லாப் புகழ்ந்தா, செத்த வீட்டில பேசுற மாதிரி இருக்கும். இல்லாட்டி ஆரோ வங்கி மனேஜர் வந்து பேசுற மாதிரி. எங்களுக்குள்ள இருக்கிற ஆளைத்தான் நாங்கள் பகிடி பண்ணுவம்."

அப்பாவின் முகம் சுருங்கியது. இரண்டே தரம் சந்தித்த ஒரு பெண்ணை, அதுவும் சம்மதம் கேட்டு நிற்கிற இடத்தில், பகிடி பண்ணுவதா? இரவிரவாக யோசித்தார் போல, அடுத்த ஞாயிறு புதிய தாளோடு வந்தார். முதல் வசனமே, "அம்மையார் நல்ல உடம்போடு செழிப்பாக இருக்கிறார்."

"மாஸ்டர், இதை வெட்டுறன்" என்றார் அண்ணை.

"ஏன் தம்பி? அது பாராட்டெல்லோ."

"எங்கட ஆக்களுக்குப் பாராட்டு. அவவுக்கு அது நிறுத்துப் பாத்த மாதிரி. ஒரு ஆளை எதிலை பகிடி பண்ணலாமெண்டு அந்த ஆளிட்டையே கேக்கவேணும். தன்னைப்பற்றி அவ என்னத்தைச் சொல்லிச் சிரிக்கிறவவோ அதுதான் எங்களுக்கு அனுமதி. மற்றதெல்லாம் அத்துமீறல்."

பாவ்லோவைத் துருவித் துருவிக் கேட்டார். அம்மா தானே சொல்லிச் சிரிக்கிற விசயங்கள் இரண்டு அகப்பட்டன. ஒன்று, சாப்பாட்டுக் கடைக்குப் போனால் தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு மற்றவர்களின் கோப்பையில், அதுதான் சாப்பாட்டுத் தட்டில், முள்ளுக்கரண்டியை விடுவா. மற்றது, ஐஸ்கிரீம் முடிந்த டப்பாக்களை எறியாமல் அவற்றில் தக்காளிச் சோஸ் காய்ச்சி ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைப்பா. பாவ்லோ சின்ன வயதில் ஐஸ்கிரீம் என்று திறந்து ஏமாந்து அழுத கதைகளை அவவே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறா.

அப்பாவுக்கு முதலாவது நன்றாக ஞாபகம் இருந்தது. முதல் சந்திப்பில் அவருடைய கோப்பைக்குள்தான் முள்ளுக்கரண்டி இறங்கியது. அவர் எழுதினார்: "என் எச்சிலையும் பாராமல் அவர் உண்டார்."

அண்ணை பேனையை மேசையில் வைத்தார். "எச்சில் எண்டதுக்கு அவையிட்டை சொல்லில்லை மாஸ்டர். வாயில ஊறுற தண்ணியெண்டுதான் சொல்லலாம். சாப்பிடுற நேரம் உங்கட வாய்த்தண்ணியைப் பற்றி ஏன் சபையில கதைப்பான்? உங்களுக்கு அண்டைக்கு உண்மையில என்ன நடந்தது?"

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "என்ர கோப்பையில கை வைக்கிறது என்ர மனுசி மட்டும்தான். அவ பக்கத்தில இருந்து என்னைப் பாத்தா."

"அதுதான் பகிடி" என்றார் அண்ணை. "அதில நீங்கள் பயந்த ஆள். பகிடி பண்ணுறவர் முதல்ல தானே கொஞ்சம் அடி வாங்கிக்கொண்டு நிக்கவேணும். மேல நிண்டு கீழ பாத்துச் சொன்னா அது நக்கல்."

அம்மா சமையலறையிலிருந்து, "நான் எங்கை பாத்தனான்?" என்றா. பார்த்த பார்வை அந்தக் குரலிலேயே இருந்தது.

டப்பாக் கதை சுலபமாக வந்தது, ஏனென்றால் எங்கள் குளிர்ப்பெட்டியிலும் வனிலா டப்பாவுக்குள் ஆட்டிறைச்சிக் கறிதான். ஆனால் அப்பா "தக்காளிச் சோஸ் நிரம்பிய ஐஸ்கிரீம் டப்பாவை" என்று தொடங்கியிருந்தார்.

"சோஸை முதலே சொல்லிப்போட்டா பிறகு ஆர் அந்த டப்பாவைத் திறக்கிறது?" என்று அண்ணை கேட்டார். சோஸ் வசனத்தின் கடைசிக்குப் போனது. இத்தாலியனிலும் அது கடைசியில் விழவேண்டும் என்று இரண்டு மூன்று விதமாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், பாவ்லோ எந்த இடத்தில் சிரிக்கிறான் என்று அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டு. ஐந்து பக்கம் முக்கால் பக்கமானது. ஒவ்வொரு வெட்டுக்கும் அப்பாவிடம் ஓம் வாங்கினார். தாளில் இருக்கும்வரை அவர் சந்தை வியாபாரி, பேரம் பேசுவார். எழும்பி நின்று வாயைத் திறந்தபின் அவர் வெறும் குழாய். இதை அவரே எங்களுக்குச் சொன்னார்.

கடைசிப் புத்தி ஒன்றும் சொன்னார். "சிரிப்பு ரெண்டு தரம் வரும் மாஸ்டர். உங்கட வசனத்துக்கு எங்கட ஆக்கள் சிரிப்பினம், அவை பாத்துக்கொண்டிருப்பினம். பிறகு நான் சொல்ல அவை சிரிப்பினம். ரெண்டாவது சிரிப்பு அடங்குமட்டும் நீங்கள் தொடங்கக்கூடாது. ரெண்டு வசனத்துக்கு மேலயும் ஒரே மூச்சில போகக்கூடாது."

முப்பது வருடம் ஒரு பேச்சையும் முக்கால் மணித்தியாலத்துக்குக் குறைவாக முடித்திராத அப்பா தலையாட்டினார்.

விருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்டபம் நிறைய ஆட்கள், பதினாலு இத்தாலியர்கள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் நாற்பது பேர் மறுபக்கம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் ஒருவித இறுக்கம். பரிசுப் பொருள் ஒன்றையும் காணவில்லை. பிறந்தநாள்காரி கருப்புச் சட்டையில் கல்லுப்போல இருந்தா. தமக்கைக்காரி மேசைக்குக் கீழே சுண்டுவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டி நிலத்தைக் குத்திக்கொண்டிருந்தா. தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

அண்ணை அந்த விரல்களைக் கண்டார், இத்தாலியர்கள் கெட்ட சகுனத்தை விரட்டுகிற குறி அது. நேரே தமக்கையிடம் போய்க் குனிந்து இரண்டு வார்த்தை கேட்டார். திரும்பி வரும்போது முகத்தில் இரத்தமில்லை.

"மாஸ்டர், அவவின்ர பிறந்தநாள் எப்ப?"

"புதன்கிழமை."

"பிறகேன் இண்டைக்கு வைச்சனியள்?"

அப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. லண்டனில் எங்கள் ஆட்களுக்குக் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவரின் அந்தியேட்டி, எல்லாம் நகர்ந்து நகர்ந்து ஞாயிற்றுக்கிழமையில்தான் வந்து விழும். வேலைநாளில் ஆருக்கு லீவு கிடைக்கும்? புதனுக்குக் கிட்டவாக இருந்த ஞாயிறு இது. மண்டபமும் வெறுமையாக இருந்தது.

"நாளுக்கு முன்னால வாழ்த்துறது அவைக்கு ஆகாது" என்றார் அண்ணை. "பிந்தி வாழ்த்தலாம், முந்தி ஏலாது. அந்த நாளுக்கு ஆள் உயிரோட போய்ச் சேராதெண்டு ஒரு பயம். மரியாதைக்காக எல்லாரும் வந்திருக்கினம், ஒருத்தரும் இதுவரைக்கும் அவுகூரி எண்டு ஒரு வாழ்த்துச் சொல்லேல்லை, கவனிச்சியளோ?"

நான் பாவ்லோவை முறைத்தேன். இங்கே பிறந்த பிள்ளை, இதெல்லாம் அம்மா விட்டுவிட்டா என்று நினைத்தானாம். அம்மா விட்டிருக்கலாம், ஊரிலிருந்து வந்த தமக்கை விடவில்லை.

பேச்சுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணை தாளை வாங்கி, 'பிறந்தநாள்' வருகிற இடம், 'வாழ்த்து' வருகிற இடம், 'நீடூழி' வருகிற இடம் எல்லாவற்றையும் அடித்தார். "பகிடி மட்டும் சொல்லுங்கோ. வாழ்த்து ஒண்டும் வேண்டாம். கிளாசில தண்ணியோட எழும்பவும் வேண்டாம், அதுவும் அவைக்குச் சகுனப்பிழை. அடியில கொஞ்சம் வைன் விடுறன், உதட்டில பட்டாப் போதும்."

"ஓம், ஓம்" என்றார் அப்பா.

அப்பா எழும்பினார். பக்கத்தில் அண்ணை, கோட்டை இழுத்துவிட்டபடி.

"முப்பது வருசம் பிள்ளையளை ஒரு மணித்தியாலம் வெயிலில நிப்பாட்டிப் பேசினனான். இண்டைக்கு எனக்கு மூண்டு நிமிசம். ஆகையால் உங்கட கோழி ஆறாது." எங்கள் பக்கம் சிரித்தது. அண்ணை சொன்னார். அந்தப் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் சிரித்தார்கள்.

"முதல் நாள் சந்திச்சபோது இந்த அம்மா தனக்குப் பசியில்லையெண்டா. பிறகு என்ர கோப்பையில சாப்பிட்டா. எங்கட ஊரில அந்த உரிமை மனுசிக்கு மட்டும்தான், மனுசி அண்டைக்குப் பக்கத்தில இருந்தவ." அண்ணை மொழிபெயர்த்து முடிக்குமுன்னரே மருமக்கள் மேசையைத் தட்டினார்கள். எல்லோரும் திரும்பி என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடினா. கல்லாக இருந்த பிறந்தநாள்காரியின் முகத்தில் ஒரு ஓரம் இளகியது.

"அவவின்ர வீட்டில ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தா, உள்ளுக்குத் தக்காளிச் சோஸ். எங்கட வீட்டில திறந்தா, ஆட்டிறைச்சிக் கறி. ஒரே மாதிரி ஏமாந்து வளந்த ரெண்டு பிள்ளையள் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சதில என்ன அதிசயம்?" அப்பா இரண்டாவது சிரிப்புக்காகக் காத்து நின்றார். அது வந்தது. தமக்கைக்காரிக்குக் கண்ணீர் வருமளவுக்கு வந்தது, விரல்கள் மேசைக்கு மேலே வந்துவிட்டன. பிறந்தநாள்காரி பாவ்லோவின் தோளில் அடித்தா.

அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் முப்பது வருடம் ஒவ்வொரு பேச்சையும் ஒரே மாதிரி முடித்த வாய். அப்பா தன்னை மறந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். "இந்த இனிய பிறந்தநாளில் அம்மையார் நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க, வாழ்க!"

எங்கள் நாற்பது பேரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் பதினாலு இத்தாலிய முகங்களும் அண்ணையின் பக்கம் திரும்பின.

அவர் நின்றார். அவ்வளவு நேரம் பேசாமல் அவரை நான் கண்டதில்லை. குளிசை மாமியின் இரகசியத்தைக்கூட ஒரு மூச்சில் சொன்ன மனிதர். வாழ்த்தைச் சொன்னால் அந்தக் குடும்பம் எழும்பிப் போய்விடும், தங்கச்சியின் காரியம் அத்தோடு சரி. சொல்லாமல் விட்டால் அவர் அவரல்ல.

பிறகு ஏதோ சொன்னார், மெல்ல, ஒரே வசனம். அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பில் வெடித்தது. தமக்கைக்காரி கிளாசைத் தூக்கினா. பிறந்தநாள்காரி எழும்பி நின்று, அப்பாவைப் பார்த்து விரலை ஆட்டி, ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னா.

நான் பாவ்லோவின் காதுக்குள் கேட்டேன். அவன் சிரிப்பில் திணறிக்கொண்டு சொன்னான்: "உங்கட அப்பா வாழ்த்தைப் புதன்கிழமைக்கு வைச்சிருக்கிறாராம். அண்டைக்கு எங்கட வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப்போட்டுத்தான் சொல்லுவாராம். தன்ர கோப்பையைத் தானே கொண்டுவருவாராம். அம்மா 'புதன், புதன்' எண்டுறா."

அப்பா இது ஒன்றும் தெரியாமல், தன் 'வாழ்க'வுக்கு இவ்வளவு வரவேற்பா என்று பூரித்துப்போய்க் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை வேலை முடிய அண்ணை எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வந்தும் இருக்கவில்லை, தேத்தண்ணியும் வேண்டாமென்றார்.

"மாஸ்டர், உங்கட வாயில இல்லாததை நான் சொல்லிப்போட்டன்."

விசயத்தைக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "அழைக்காத வீட்டுக்கு நான் வாறனெண்டு சொன்னனீரோ? சாப்பாடும் கேட்டோ?"

"ஓம்."

"கோப்பையும் நானோ கொண்டுபோறது?"

"ஓம் மாஸ்டர்."

அந்த நேரத்தில் டெலிபோன் அடித்தது. பாவ்லோ. புதன் எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று அம்மா கேட்கிறா, இறைச்சி அடுப்பில் வைக்கிற நேரம் பார்க்கவேண்டுமாம். அப்பா ரிசீவரைப் பார்த்துவிட்டு, "ஏழு" என்றார்.

"நீரும் வாரும்" என்றார் அண்ணையிடம்.

"இல்லை. இனி என்னை நம்பேலாது" என்றார். பகிடி என்றுதான் நான் முதலில் நினைத்தேன், அவருடைய முகத்தில் எப்போதும் சிரிப்பு இருப்பதில்லைதானே. அவருடைய கண்களைப் பார்த்தபின்தான் விளங்கியது. எங்களுக்கு அவ்வளவு பெரிய நன்மையைச் செய்துவிட்டு, களவெடுத்தவர் போல நின்றார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு பொய்க்கு இப்படி வெட்கப்படுகிற மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

போகுமுன் ஒரு தாளில், 'சென்தோ தி குவெஸ்தி ஜோர்னி' என்று தமிழ் எழுத்தில் எழுதி அப்பாவிடம் கொடுத்தார். "இப்பிடி நூறு நாள் வரவேணுமெண்டு அர்த்தம். புதனுக்குச் சொன்னாப் பிழையில்லை. இதை நீங்களே சொல்லுங்கோ."

புதன்கிழமை நாங்கள் நாலு பேரும் போனோம், அப்பாவின் கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பீங்கான் சாப்பாட்டுக் கோப்பை. அவர் வாசலிலேயே தாளைப் பார்த்து வாழ்த்தைப் படித்தார். பாவ்லோவின் அம்மா அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக் கொஞ்சினா. என் அப்பாவை அப்படி ஒருவரும் செய்ததில்லை, என் அம்மாகூட, எங்கள் முன்னால். சாப்பாட்டு மேசையில் அவருடைய கோப்பையிலிருந்து அந்த அம்மா ஒரு துண்டு இறைச்சி எடுத்தா. என் அம்மா இந்த முறை சிரித்துவிட்டா.

கேக் வெட்டி முடிந்தபின் அந்த அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னா. பாவ்லோவின் காதுகள் சிவந்தன. "உங்களை ஒரு சொல்லால கூப்பிடலாமோ எண்டு கேக்கிறா. அதுக்கு இங்கிலீசில சொல்லில்லை. ஒரு மாதிரியான சொந்தம்..."

"மாதிரியெண்டா?" என்றார் அப்பா. அரைகுறை விளக்கம் அவருக்கு ஆகாது. தங்கச்சி தலையைத் தூக்கவில்லை. அந்த அம்மாவும் பொறுமையில்லாமல், அந்த மெலிந்த ஐயாவைக் கூப்பிடு என்று டெலிபோனைக் காட்டினா.

அண்ணையின் கடைக்கு டெலிபோன் எடுத்தோம். ஒன்பது மணிக்குப் பூட்டுகிற நேரம். அந்த அம்மா நடையில் நின்றபடி அண்ணையோடு கதைத்தா, நீண்ட நேரம் போலிருந்தது. பிறகு ரிசீவரை அப்பாவிடம் நீட்டினா. நான் அப்பாவின் தோளோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுமுனையில் மரக்கறிப் பெட்டிகள் இழுபடுகிற சத்தம். பிறகு அண்ணையின் குரல்.

"மாஸ்டர், சம்பந்தி எண்டதுக்கு அவையிட்டையும் ஒரு சொல்லிருக்கு. அந்தச் சொல்லால உங்களைக் கூப்பிடலாமோ எண்டுதான் கேக்கிறா." குரல் உடைந்திருந்தது. "அவ சொன்னதைத்தான் சொல்லுறன் மாஸ்டர். நான் ஒண்டும் கூட்டேல்லை."